எமோஜியும் ஹேஷ்டேகும் சிதறாமல் ஸ்கிரீன்ஷாட்டைப் படியெடுப்பது

2018-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஒரு வழக்கு வந்தது. தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் சேர்ந்திருந்த வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் காணொலி போட, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் எமோஜியைச் சிலர் பதிலாகப் போட்டார்கள். அது தன்னைக் கேலி செய்வதாகக் காணொலி போட்டவர் புகார் கொடுத்தார். முதல் தகவல் அறிக்கை பதிவாகி, விஷயம் நீதிமன்றம் வரை போனது. எமோஜி என்பது ஒருவர் தன் உணர்வைக் காட்டப் போடுவது, அதை மட்டும் வைத்துக் குற்றம் என்று சொல்ல முடியாது என்ற முடிவுக்கு வந்து நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது.

அந்த வழக்கின் கட்டைத் தட்டச்சு செய்பவர் 😂 இருக்கும் இடத்தில் 😭 போட்டிருந்தால் என்ன ஆகும்? இரண்டிலும் கண்ணீர் இருக்கிறது, இரண்டிலும் வாய் திறந்திருக்கிறது. சின்னத் திரையில் பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஒன்று கேலி, மற்றது அழுகை. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் 2023-இல் வந்த தீர்ப்பு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. ஆளிவிதை வாங்கும் ஒப்பந்தத்தின் படத்தை வியாபாரி அனுப்ப, விவசாயி திருப்பி அனுப்பியது ஒற்றை 👍 மட்டுமே. அதுவே கையெழுத்துக்குச் சமம் என்று நீதிமன்றம் சொல்லி, விதையைக் கொடுக்காத விவசாயி 82,000 கனடா டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்றது. எழுத்தை மட்டும் படியெடுத்து எமோஜியை விட்டுவிடும் பழக்கமுள்ளவர் அந்த உரையாடலைப் படியெடுத்தால், விவசாயி பதிலே சொல்லவில்லை என்றாகிவிடும்.

பத்திரிகை உதவி ஆசிரியர், உண்மை சரிபார்ப்பவர், வழக்கறிஞர் அலுவலகத் தட்டச்சர், ஆய்வு மாணவர் என்று பலரும் இந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. எல்லோரும் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஸ்கிரீன்ஷாட்டில் தெரிவதில் எது எழுதியவர் தட்டியது, எது செயலி தானாக வரைந்தது?

ஸ்கிரீன்ஷாட் வெறும் படம். அதில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நீலக் குறி எழுதியவர் போட்டதல்ல. ‘3h’ என்ற நேரக் குறிப்பும், அதற்கு முன்னால் வரும் நடுப்புள்ளியும், அடியில் இருக்கும் இதய வடிவப் பொத்தானும் அதன் எண்ணிக்கையும் செயலியுடையவை. இவை பதிவின் வாசகத்துக்குள் வரக்கூடாது. தேவையென்றால் தனிக் குறிப்பாக எழுதலாம். ஆனால் பெயருக்குள்ளேயே ஒருவர் 📚 போட்டிருந்தால் அது அவர் தட்டியது. அதை விடக்கூடாது. நீளமான பதிவு ‘மேலும் காட்டு’ என்ற சொல்லோடு பாதியில் நின்றால், அதற்கு முன்னால் தெரியும் முப்புள்ளி செயலி போட்டது. பதிவு அங்கே முடியவில்லை என்று படியில் அடைப்புக்குறிக்குள் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் எழுதியவர் தயங்கித் தயங்கிப் பேச்சை நிறுத்தியதுபோலப் படிப்பவருக்குத் தோன்றும்.

எமோஜியில் இந்தப் பிரிப்பு கொஞ்சம் சிக்கலாகிறது. எழுதியவர் அனுப்புவது ஓர் எண்; அந்த எண்ணுக்கு எந்தப் படத்தைக் காட்டுவது என்பது பார்ப்பவரின் போனும் செயலியும் முடிவு செய்வது. ஐபோனில் ஒரு முகம், சாம்சங்கில் இன்னொரு முகம். 2018-க்கு முந்தைய சாம்சங் போன்களில் 🍪 என்ற பிஸ்கட் எமோஜி, சாக்லேட் துண்டு பதித்த வட்டமாக இல்லாமல் உப்பு பிஸ்கட் இரண்டாகத் தெரிந்தது. அந்தக் கால ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து கீபோர்டில் உப்பு பிஸ்கட்டைத் தேடினால் கிடைக்காது.

இதைவிடக் கனமான உதாரணம் துப்பாக்கி. U+1F52B என்ற எண்ணுக்கு முதலில் பெரும்பாலான நிறுவனங்கள் நிஜக் கைத்துப்பாக்கி போன்ற படத்தையே வைத்திருந்தன. 2016-இல் ஆப்பிள் அதைப் பச்சை நிற நீர்த்துப்பாக்கியாக மாற்றியது. 2018-இல் கூகுள், சாம்சங், ட்விட்டர், ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட் என்று மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டர் 2024-இல் தன் செயலியில் மறுபடியும் நிஜத் துப்பாக்கிக்கே திரும்பியது. 2015-இல் எடுத்த மிரட்டல் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை இன்று படியெடுப்பவர், படத்தில் இரும்புத் துப்பாக்கியைப் பார்க்கிறார், தன் கீபோர்டில் குழந்தைகள் விளையாட்டுச் சாமானைப் பார்க்கிறார். இது வேறு என்று நினைத்து அவர் எமோஜியை விட்டாலும் தவறு, 🔪 போன்ற வேறொன்றைப் போட்டாலும் தவறு. 🔫 என்றே போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘படத்தில் கைத்துப்பாக்கியாகத் தெரிகிறது’ என்று எழுத வேண்டும். எண் எழுதியவருடையது, படம் அந்த நாளின் செயலியுடையது. இரண்டையும் படி காட்டிவிடுகிறது.

ஒரு படம் எந்த எண்ணுக்குரியது என்று தெரியாதபோது எமோஜிபீடியா என்ற இணையதளம் கைகொடுக்கும். ஒவ்வோர் எமோஜியும் ஆப்பிளில், கூகுளில், சாம்சங்கில் எப்படித் தெரிகிறது, பழைய பதிப்புகளில் எப்படி இருந்தது என்று அங்கே வரிசையாகப் பார்க்கலாம். ஸ்கிரீன்ஷாட் ஐபோனில் எடுத்ததா ஆண்ட்ராய்டில் எடுத்ததா என்பதை மேலே இருக்கும் நேரம், பேட்டரி வரிசையை வைத்தே ஊகித்துவிடலாம். பிறகு அந்த நிறுவனத்தின் படங்களோடு மட்டும் ஒப்பிட்டால் போதும்.

முகங்களைத் தவிர, அதிகம் ஏமாற்றும் இரண்டு உண்டு. ஒன்று தோல்நிறம். 🙏 என்பதற்கு மஞ்சளே இயல்பு நிறம். 2015 முதல் ஐந்து தோல்நிறங்களில் ஒன்றைச் சேர்க்கும் வசதி வந்தது. தோல்நிறம் சேர்ந்த கை, கணினியின் கணக்கில் இரண்டு எண்களின் கூட்டு. படியெடுப்பவரின் போன் அவர் கடைசியாகத் தேர்ந்த நிறத்தை நினைவில் வைத்திருக்கும். கும்பிடும் கையைத் தட்டினால் அந்த நிறமே வரும். ஸ்கிரீன்ஷாட்டில் மஞ்சள் கை இருக்க, படியில் மாநிறக் கை வந்து உட்காரும், கவனிக்கவே மாட்டார்கள். எமோஜியை அழுத்திப் பிடித்தால் ஆறு தேர்வுகளும் வரிசையாக வரும். ஒவ்வொரு முறையும் அழுத்திப் பிடித்தே எடுப்பது நல்லது. படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கினால் மஞ்சளுக்கும் வெளிர்நிறத்துக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். இரவு நேர வெளிச்ச வடிகட்டி ஓடிக்கொண்டிருக்கும் திரையில் மட்டும் இந்த ஒப்பீட்டைச் செய்யக்கூடாது. எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும்.

மற்றது இதயம். சிவப்பு இதயம் ❤️ என்பது U+2764, U+FE0F என்ற இரண்டு எண்கள். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது. ‘இதை வண்ணப் படமாகக் காட்டு’ என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டும்போது அந்த இரண்டாவது எண் உதிர்ந்தால் சிவப்பு இதயம் கறுத்துவிடும். அப்படிக் கறுத்ததைப் பார்த்து, எழுதியவர் 🖤 போட்டார் என்று யாராவது திருத்தினால் காதல் பதிவு இரங்கல் பதிவாகிவிடும். சீட்டுக்கட்டின் ஆட்டின் குறியான ♥️ வேறு இருக்கிறது. அதுவும் சிவப்புதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இந்த இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

கொடியைப் பற்றி ஒரு வார்த்தை. 🇮🇳 என்பது ஐ, என் என்ற இரண்டு எழுத்துக் குறிகளால் ஆனது. விண்டோஸ் தன் எமோஜி எழுத்துருவில் நாட்டுக் கொடிகளை வைக்கவில்லை. அதனால் போனில் சரியாகப் படியெடுத்த பதிவைக் கணினியின் நோட்பேடில் திறந்தால் கொடி இருந்த இடத்தில் IN என்று இரண்டு எழுத்து நிற்கும். அலுவலகத்தில் யாராவது ஒருவர் அதைத் தட்டச்சுப் பிழை என்று அழித்துவிடுவார். கொடி உள்ள படியின் கடைசிச் சரிபார்ப்பைப் போனில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஹேஷ்டேகுக்கு வந்தால் நிறமே சாட்சி. ஒரு பதிவில் # போட்டு எழுதியதில் எவ்வளவை ஹேஷ்டேகாக எடுத்துக்கொண்டோம் என்று செயலி நீல நிறத்தில் காட்டிவிடுகிறது. இடைவெளி, கோடு, முற்றுப்புள்ளி எதுவானாலும் ஹேஷ்டேக் அங்கே அறுந்துவிடும். அடிக்கோடு வந்தால் அறுவதில்லை. வெறும் எண்ணாக #2025 என்று போட்டால் எக்ஸ் அதை ஹேஷ்டேகாகவே எடுத்துக்கொள்ளாது, கறுப்பாகவே விட்டுவிடும். படியெடுப்பவருக்கு இது இரண்டு விதத்தில் உதவும். கோடா அடிக்கோடா என்று மங்கலாகத் தெரியும் இடத்தில், அதற்குப் பின் வரும் எழுத்தும் நீலமாக இருந்தால் அது அடிக்கோடு. கறுப்பாக மாறியிருந்தால் கோடு. அதோடு, பாதி அறுந்த ஹேஷ்டேகை ‘ஒழுங்காக்கி’ ஒட்டிவைக்கும் ஆசைக்கும் இது கடிவாளம் போடும். எழுதியவர் கோடு போட்டார், அது வேலை செய்யவில்லை என்பதும் பதிவின் ஒரு பகுதிதான்.

ஹேஷ்டேகின் வாலில் சில சமயம் எழுதியவர் போடாத படம் ஒட்டிக்கொண்டிருக்கும். 2017-இல் ‘மெர்சல்’ படத்துக்காக ட்விட்டர் அப்படி ஒன்றைக் கொடுத்தது. #Mersal என்று யார் எழுதினாலும் பக்கத்தில் விஜய்யின் சின்னப் படம் தானாக முளைத்தது. தென்னிந்தியப் படம் ஒன்றுக்கு இந்த வசதி கிடைத்தது அதுவே முதல்முறை என்று அப்போது செய்திகள் வந்தன. இந்தப் படங்களுக்கு யூனிகோடில் எண் கிடையாது, எந்தக் கீபோர்டிலும் கிடைக்காது. விளம்பரக் காலம் முடிந்ததும் பழைய பதிவுகளிலிருந்தும் மறைந்துவிடும். அந்நாளைய ஸ்கிரீன்ஷாட்டில் மட்டும் அது அப்படியே உறைந்து நிற்கிறது. அதைப் பார்த்து 😎 போலத் தோதான ஏதோ ஒன்றைப் போடுவது சொந்தச் சரக்கைச் சேர்ப்பதாகும். படியில் #Mersal மட்டும் வரட்டும். படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அடிக்குறிப்பில் சொல்லலாம்.

தமிழ் ஹேஷ்டேகில் ஸ்கிரீன்ஷாட் பதில் சொல்லாத ஒரு கேள்வியும் உண்டு. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை ஸ் என்று தொடங்கியும் தட்டலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ என்ற எழுத்தை வைத்தும் தட்டலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமல் போகலாம். #ஸ்ரீரங்கம் என்ற ஹேஷ்டேகைப் படியெடுத்தவர் அதை வைத்து மூலப் பதிவைத் தேடிக் கிடைக்காவிட்டால், பதிவு அழிக்கப்பட்டுவிட்டது என்று எழுதிவிடும் முன் இன்னொரு விதத்திலும் தட்டித் தேட வேண்டும்.

அட் குறியோடு வரும் பயனர்பெயரில் எழுத்துப் பிழைக்கு மன்னிப்பே இல்லை. ஓர் எழுத்து மாறினால் வேறொரு மனிதர் அந்தப் பேச்சுக்குள் இழுக்கப்படுவார். நல்லவேளையாக இங்கே விதிகள் கறாரானவை. எக்ஸில் பயனர்பெயர் 15 எழுத்துக்குள் இருக்கும்; ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவை மட்டும் வரும். இன்ஸ்டாகிராமில் 30 எழுத்து வரை போகலாம், இடையில் புள்ளியும் வரலாம், ஆனால் பெயர் புள்ளியில் முடியாது. ஆகவே எக்ஸ் பதிவின் படியில் பயனர்பெயருக்குள் கோடோ புள்ளியோ வந்திருந்தால், படித்ததில்தான் பிழை. பெயரின் முடிவில் நிற்கும் முற்றுப்புள்ளி வாக்கியத்துக்குச் சொந்தம். இரண்டு அடிக்கோடு சேர்ந்து வந்தால் நீளமான ஒரே கோடாகத் தெரியும். ஒற்றை அடிக்கோட்டின் நீளத்தோடு ஒப்பிட்டுத்தான் எண்ண வேண்டும்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி இப்போது பெரும்பாலான போன்களில் இருக்கிறது. நீளமான தமிழ்ப் பத்திக்கு அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. குறிகள் விஷயத்தில் அதை நம்பக்கூடாது. எமோஜியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும், இல்லையென்றால் ஏதாவது ஓர் ஆங்கில எழுத்தாக்கிவிடும். @ குறி © ஆவதும், அடிக்கோடு காணாமல் போவதும் அடிக்கடி நடக்கும். அந்த வழியில் எடுத்த எழுத்தில் எல்லாக் குறிகளையும் நீக்கிவிட்டு, படத்தைப் பார்த்துக் கையாலேயே ஒவ்வொன்றாகச் சேர்ப்பதுதான் ஒழுங்கு.

இனி ஒரு பதிவை முழுதாகப் படியெடுத்துப் பார்க்கலாம். இந்த அத்தியாயத்துக்காகவே புனைந்த பதிவு இது. எக்ஸ் செயலியில் இப்படித் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
வைகைப் படிப்பகம் 📚 ☑
@vaigai_padi__ · 3h
நாளை மாலை 5.30க்கு சந்திப்பு!! 🙏🏽🙏🏽🙏🏽
கதை சொல்ல வருவது @nool_kadai10.
சிரிப்புக்கு உத்தரவாதம் 😂🤣😂
#வாசிப்போம்_வா #மதுரை-வாசகர்கள் #2025 ❤️
```

தட்டச்சைத் தொடங்கும் முன் எண்ண வேண்டும். பதிவின் வாசகத்தில் மூன்று கை, மூன்று முகம், ஓர் இதயம் என்று எமோஜி ஏழு. பெயரில் தனியாக ஒன்று. # மூன்று. வாசகத்துக்குள் @ ஒன்று. ஆச்சரியக்குறி இரண்டு. இந்த எண்களை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டால் பின்னால் சண்டை வராது. பெயரின் முடிவில் பெட்டிக்குள் இருப்பது நீலக் குறிக்குப் பதிலாக இங்கே போட்டது. அது செயலியுடையது, எண்ணிக்கையில் சேராது. ‘3h’ என்பதும் அப்படித்தான்.

அடுத்து சந்தேகங்கள். சிரிக்கும் மூன்று முகமும் ஒன்றல்ல. நடுவில் இருப்பது சாய்ந்திருக்கிறது. அது தரையில் உருண்டு சிரிக்கும் 🤣. முதலாவதைத் தட்டிவிட்டு மூன்று முறை நகலெடுக்கும் கை இங்கேதான் தவறும். @nool_kadai10 என்பதன் கடைசி இரண்டு எழுத்து பத்தா, அல்லது எல், ஓ என்ற ஆங்கில எழுத்துகளா? பதில் படத்திலேயே இருக்கிறது. ‘nool’ என்பதன் முடிவில் ஓர் எல் நிற்கிறது. அதையும் ‘10’-இன் முதல் குறியையும் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்தால், எண்ணின் தலையில் சிறு கொக்கி தெரியும், எல்லுக்கு இருக்காது. பூஜ்யத்தை ‘5.30’-இல் இருக்கும் பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் போதும். கடைசிப் புள்ளி கறுப்பாக இருக்கிறது, பெயர் நீலமாக இருக்கிறது. ஆக, புள்ளி வாக்கியத்தின் முடிவு. ஹேஷ்டேக் வரியில் #வாசிப்போம்_வா முழுதும் நீலம். அடுத்ததில் #மதுரை வரை நீலம், அதற்கப்பால் கறுப்பு. எனவே நடுவில் இருப்பது கோடு. #2025 முழுதும் கறுப்பு. மூன்றையும் இருக்கிறபடியே எழுத வேண்டும். ‘5.30க்கு’ என்பதைப் பிரித்து எழுதுவதும், ‘சந்திப்பு’ முன் ஒற்றெழுத்து சேர்ப்பதும் உதவி ஆசிரியரின் கைக்கு இயல்பாக வருபவை. இங்கே அந்தக் கையைக் கட்டிப்போட வேண்டும்.

பயனர்பெயரின் முடிவிலுள்ள அடிக்கோடு இரண்டா ஒன்றா என்று பெரிதாக்கியும் தீராவிட்டால், ஊகித்து எழுதக்கூடாது. தெரிந்தவரை எழுதி, [அடிக்கோடு ஒன்றா இரண்டா எனத் தெளிவில்லை] என்று குறிக்க வேண்டும். எமோஜி மங்கியிருந்தாலும் அதே முறைதான்: [மஞ்சள் முகம், எது எனத் தெரியவில்லை]. மூலப் பதிவு இன்னும் இணையத்தில் இருந்தால் அதைத் திறந்து பார்த்துத் தீர்க்கலாம். ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பதிவு திருத்தப்பட்டிருக்கவும் கூடும். அதனால் அங்கிருந்து எடுத்தது எது என்பதைப் படியில் சொல்லிவிட வேண்டும்.

முடித்ததும் முதலில் எண்ணிக்கை சரிபார்ப்பு. ஏழு, ஒன்று, மூன்று, ஒன்று, இரண்டு. பிறகு கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு வரியையும் வலமிருந்து இடமாகக் குறி குறியாக ஒப்பிடுவது. பொருள் புரியும் வரிசையில் வாசித்தால் கண் தானாகவே விட்டதை நிரப்பிக்கொள்ளும். தலைகீழாக வந்தால் அந்த வசதி அதற்குக் கிடைக்காது. இருவர் இருந்தால் ஒருவர் படத்தைப் பார்த்து ‘கும்பிடும் கை, மாநிறம், மூன்று’ என்று சத்தமாகச் சொல்ல, மற்றவர் படியில் விரல் வைத்துக்கொண்டே வரலாம்.

கடைசியாக, படியைச் சேமிக்கும் இடம். வேர்ட், அவுட்லுக் போன்றவை எழுதுபவருக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு சிலவற்றைத் தாமாக மாற்றும். முப்புள்ளி ஒரே குறியாகும், இரட்டைக் கோடு நீண்ட கோடாகும், :) என்பது சிரிக்கும் முகமாகும். அவுட்லுக்கின் பழைய பதிப்புகள் அந்த முகத்தை விங்டிங்ஸ் எழுத்துருவின் J எழுத்தைக் கொண்டு வரைந்தன. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் வாக்கியத்தின் முடிவில் காரணமில்லாமல் ஒரு J நிற்கும். பழைய மின்னஞ்சல்களைப் படியெடுப்பவர்களுக்கு இந்த அநாதை J நன்றாகப் பழக்கம். ஆகவே தானியங்கித் திருத்தங்களை முதலிலேயே நிறுத்திவிட்டு, படியை யுடிஎஃப்-8 முறையில் வெற்று உரைக் கோப்பாகச் சேமித்து, ஸ்கிரீன்ஷாட்டின் மூலப் படத்தையும் வெட்டாமல், சுருக்காமல் அதனுடன் சேர்த்தே வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பினால், படம் சுருங்கி அடிக்கோடும் தோல்நிறமும் கரைந்துபோகாது.